கல்யாண வரிசையில் மிஷெல்

சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள் கெர்ட்ரூட். ஈரத்துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை. துளி ஈரம் இருந்தாலும் தாள் ஊறிவிடும். பள்ளிக்கூடங்களில் குழு வேலைக்கு வாங்கும் பெரிய வெள்ளை மாஜோங் தாள் அது. நவம்பர் முதல் வாரத்தில் அதை விரித்து அடுத்த ஆண்டின் பன்னிரண்டு மாதங்களையும் கட்டம் போட்டுவிடுவாள். கிள்ளானில் பழனியப்பன் ஜவுளிக்கடைக்கு எந்த மாதம் எந்த விளம்பர வீடியோ என்பது அதில்தான் தீர்மானமாகும்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் முன்மேசையில் பத்தொன்பது வருடம் இருந்தவள். கோவிட் சமயத்தில் ஸ்டூடியோ மூடியதும், கைப்பேசியிலேயே வீடியோ வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டாள். கேமராவுக்குத் தனேஷ் என்ற இளைஞனைச் சேர்த்துக்கொண்டாள். ஐந்து வருடமாக இதுதான் பிழைப்பு.

முதல் வருடத் திட்டத்தில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதையும் காலியாக விட்டிருந்தாள். தவக்காலத்தில் மாதா கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்களே என்பது அவள் கணக்கு.

"அது உங்க கோயில்லம்மா. பங்குனியில எங்களுக்கு எத்தனை முகூர்த்தம் தெரியுமா?" என்று பழனியப்பன் சிரித்தார்.

அன்றைக்கே கடையிலிருந்து ஒரு தமிழ் நாள்காட்டியை வாங்கி வந்து மாட்டினாள். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கான பட்டுச் சேலையை ஆடி முழுக்கக் கைப்பேசியில் பார்த்து வைப்பார்கள், ஆடிப்பெருக்கு கழிந்ததும் கடைக்கு வருவார்கள். ஆகவே கல்யாண வீடியோ ஆடியில்தான் போகவேண்டும். பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது போடும் வீடியோவைப் பார்த்து யாரும் கடைக்கு வரமாட்டார்கள், வாழ்த்துத்தான் அனுப்புவார்கள். இதெல்லாம் மெல்ல மெல்லப் படிந்தது.

இந்த ஆண்டு சென்ற ஆண்டுத் தாளைப் பக்கத்தில் வைத்து அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். ஜனவரியில் பொங்கல். பிப்ரவரியில் பள்ளி திறப்பு. தனேஷ் எட்டிப் பார்த்தான்.

"ஆன்டி, யாருக்கு பிப்ரவரியில ஸ்கூல் திறக்குது?"

"இந்த வருஷம் அப்படித்தானே திறந்தாங்க?"

"அது இந்த வருஷத்தோட சரி லா. இனி பழையபடி ஜனவரி. நம்ம சிலாங்கூருக்குப் பன்னிரண்டாம் தேதி. அதே வாரம் பொங்கல்."

கெர்ட்ரூட் பேனாவை மூடி வைத்தாள். சீருடை வாங்குபவர்கள் டிசம்பரிலேயே வந்துவிடுவார்கள். அப்படியென்றால் நீலப் பினஃபோர், வெள்ளைச் சட்டை, காலணி எல்லாம் இந்த மாதமே எடுத்தாகவேண்டும். பொங்கல் வீடியோவுக்கு சிகிஞ்சானில் வயல் வேண்டும், அங்கே அறுவடை முடிவதற்குள் போகவேண்டும். போன முறை பச்சை வயலைக் காட்டிவிட்டு, "அறுக்காமலே பொங்கலா?" என்று கிண்டல் வாங்கியாயிற்று. நவம்பர் கடைசியில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நடந்துகொண்டிருக்கும். அதற்கு ஒரு வீடியோ வழக்கம்: பிள்ளை படிக்கிறது, அம்மா மைலோ கலக்கிக் கொடுக்கிறாள், இசையே கிடையாது, கடைப் பெயர் கடைசியில் மட்டும்.

டிசம்பரில் கடையில் சீருடைக் கூட்டம் இருக்கும், அப்போதைக்கு வைத்திருந்த கல்யாணப் படப்பிடிப்புக்கு இனி இடமில்லை. தை முகூர்த்தத்துக்கும் பங்குனிக்கும் சேர்த்து வருகிற சனிக்கிழமை ஒரே நாளில் எடுத்தால்தான் உண்டு.

"மணப்பொண்ணு நம்ம மிஷெல்தானே?" என்றான் தனேஷ்.

கெர்ட்ரூட் கட்டத்தில் மிஷெல் என்று எழுதினாள்.

மிஷெல் அவள் மகள். இருபத்தொன்பது வயது, பங்சாரில் பல் மருத்துவமனையில் வேலை. நான்கு வருடமாக அவள்தான் மணப்பெண். முதல் முறை ஏற்பாடு செய்த பெண் வராமல் போனதால் உட்கார்ந்தாள். அந்த வீடியோவைக் கிள்ளானே பகிர்ந்தது. அதிலிருந்து, "அந்தப் பொண்ணு கட்டின சேலை எது?" என்று கேட்டுக்கொண்டு கடைக்கு ஆட்கள் வந்தார்கள். பழனியப்பனுக்கு ஒரே நிபந்தனை, படத்தில் தாலி கட்டும் வரைக்கும் போகக்கூடாது. மாலையோடு நிறுத்திவிடுவார்கள்.

மாலை வரை போனதே வம்புக்குப் போதுமாயிருந்தது. போன மாதம் கோயில் தோழி ஜெரால்டின், செமினி ஊரில் ஒரு வரன் சொன்னாள். பையன் பெயர் மார்வின், ஆசிரியர். மூன்றாம் நாள் அவளே அழைத்தாள்.

"கெர்ட்ரூட், தப்பா எடுத்துக்காத. அவன் அம்மா அந்த வீடியோவ போன்ல பார்த்திருக்கு. உன் மகளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சாமேன்னு கேக்குது."

"ஐயோ, அது விளம்பரம்டி."

"சொல்லிட்டேன். அதுக்கு, வருஷா வருஷம் மாலை மாத்துற பொண்ணான்னு கேக்குது."

கெர்ட்ரூட் இதை மகளிடம் சொல்லவில்லை. ஜெரால்டின் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. பெயர் எழுதிய அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மிஷெல், பையைக்கூட இறக்காமல் தாளைப் பார்த்தாள்.

"மம்மி, என் பேரு ஏன் இங்க இருக்கு?"

"சனிக்கிழமை ஒரு நாள்தான்."

"நாலு தடவ மணமேடையில உட்கார்ந்தாச்சு. ஒரு தடவ கூட மாப்பிள்ளைய எனக்குப் பிடிக்கல. அதிலும் போன வருஷத்து ஆளுக்கு வாய் நாத்தம் வேற." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "எழுதறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாம்."

கெர்ட்ரூட் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கடைதான் பெரிய வேலை. அதில் கல்யாண வரிசைதான் பாதி.

வியாழக்கிழமை தாளைச் சுருட்டிக்கொண்டு தனேஷோடு கடை மாடிக்குப் போனாள். பழனியப்பன் அதைத் துணி வெட்டும் மேசையில் விரித்து, மூலைகளில் நான்கு நூல் கண்டுகளை வைத்தார். பள்ளி திறப்பு வீடியோவை டிசம்பருக்கு நகர்த்தியதைப் பார்த்துத் தலையாட்டினார். தேர்வு வீடியோவுக்கு இந்த முறையும் இசை வேண்டாம் என்றார். விரல் கல்யாணக் கட்டத்தில் நின்றது. பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத் திருத்த மை.

"மிஷெல் எங்க?"

"இனி அவ வரமாட்டா பாஸ்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. அவளுக்கு வரன் பார்க்கிறோம். அவளுக்குப் பதிலா போன வருஷம் நம்மகிட்ட சேலை எடுத்த நிஜ மணப்பொண்ணுங்கள அவங்க சம்மதத்தோட காட்டலாம். எட்டுப் பேர் சரின்னு சொல்லியிருக்காங்க."

அவர் வெள்ளை மையை நகத்தால் சுரண்டினார். "ஜனங்க அந்த முகத்தத் தேடி வர்றாங்கம்மா. ஒரு நாள் கூடவா முடியாது?"

"முடியாது பாஸ்."

அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே வியப்பு. பழனியப்பன் கோபப்படவில்லை. ஸ்கூல், பொங்கல், பரீட்சை மூன்றையும் அவளே செய்யட்டும் என்றார். கல்யாணத்துக்கு மட்டும் பங்சாரில் ஒரு கம்பெனி கேட்டுக்கொண்டே இருக்கிறது, இந்த வருடம் அவர்களிடம் கொடுத்துப் பார்க்கிறேன் என்றார். கீழே இறங்கும்போது தனேஷ், "பாதி போச்சே ஆன்டி" என்றான். "மீதி இருக்குல்ல, சிகிஞ்சானுக்கு வண்டி சொல்லு" என்றாள்.

வீட்டில் மிஷெல் தலையில் துண்டோடு மேசையில் உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கெர்ட்ரூட் தாளை விரித்து, கல்யாண வரிசை முழுவதையும் அளவுகோல் வைத்து அடித்தாள்.

"என்ன மம்மி, எல்லாத்தையும் அடிக்கிறீங்க?"

"வேற கம்பெனி எடுக்குது. நீ சனிக்கிழமை தூங்கு."

மிஷெல் முள்கரண்டியை வைத்தாள். "என்னாலயா?"

"என்னால. நான்தான் முடியாதுன்னேன்."

மிஷெல் அடித்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தை, பங்குனி, வைகாசி, ஆவணி.

"அப்ப மணப்பொண்ணு யாரு?"

"அவங்களே மாடல் பிடிப்பாங்களாம்."

"ஓ." துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டினாள். "அவ என்னைவிட நல்லா இருப்பாளா மம்மி?"

"ஜனங்க உன் முகத்தத் தேடித்தான் வந்தாங்கன்னு பாஸே சொன்னாரு" என்றாள் கெர்ட்ரூட், தாளைச் சுருட்டி ரப்பர் போட்டுக்கொண்டே.