பதினாறு யூனிட்

அறுவைச் சிகிச்சைப் பிரிவில் அந்த சிஸ்டருக்கு நோயாளிகள் வைத்த பெயர் 'ரெண்டாவது தடவை'. சர்க்கரையை ஒருமுறை பார்த்து அவர் நம்பியதே இல்லை. அரை மணி கழித்து மறுபடி விரலை நீட்டச் சொல்வார். இருபத்திரண்டு வருடமாக அதே வார்டு, நோயாளிகளின் அதே முணுமுணுப்பு. என் விரலிலும் குத்தியிருக்கிறார். ஆகவே வஞ்சம் இல்லாமல் எழுதுகிறேன் என்று சொல்ல மாட்டேன்.

நான் அச்சகத்தில் காகிதக் கட்டு தூக்குகிறவன். குடலிறக்கம் வந்து தூக்க முடியாமல் போயிற்று. ஆபரேஷனுக்குக் குறித்த முதல் தேதியில் காலைச் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளி, "இன்னொரு தடவை தள்ளிப்போனா வேற ஆளைப் போட்டுருவேன்" என்றார். இரண்டாவது தேதி கிடைத்தபோது என் காதில் ஒலித்தது அதுதான்.

ஒரு வாரம் முன்பே சிஸ்டர் என்னையும் மனைவியையும் உட்கார வைத்துச் சொன்னார். "ராத்திரி வழக்கம்போல சாப்பிடுங்க. படுக்கும்போது போடுற இன்சுலின் இருபதுக்குப் பதிலா பதினாறு. நிறுத்தக் கூடாது, குறைக்கணும், அவ்வளவுதான். காலையில சாப்பாடு கிடையாது, அதனால சாப்பாட்டு ஊசியும் மாத்திரையும் கிடையாது. ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்னாடியிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. வெறும் தண்ணி மட்டும் ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாம். காலையில சர்க்கரை நூறுக்கும் நூத்தியெண்பதுக்கும் நடுவுல இருந்தா போதும். உங்களைத்தான் முதல் ஆளா எட்டு மணிக்குப் போட்டிருக்கு."

தலையை ஆட்டினேன். மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. குறைத்தால் ஏறும், ஏறினால் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே முந்தைய இரவு தட்டை ஒதுக்கிவிட்டு, இருபதையும் போட்டுக்கொண்டு படுத்தேன். என்ன ஒரு புத்திசாலித்தனம்!

காலை ஆறரைக்கு நூற்றுப் பதினெட்டு. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சிரித்தேன். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"நேத்து ராத்திரி சாப்பிட்டீங்களா?"

"வயிறு நிறைய, சிஸ்டர்."

"ஊசி?"

"பதினாறுதான்."

ஏழு மணிக்கு மறுபடி குத்தினார். எண்பத்து நான்கு. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மனைவியைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா, நேத்து ராத்திரி இவர் தட்டைக் கழுவினீங்களா?"

"எங்க சிஸ்டர், தட்டைத் தொடவே இல்லையே இந்த மனுஷன்!"

குட்டு உடைந்தது. எனக்கோ அதற்குள் நெற்றி வியர்த்துக் கை நடுங்கியது. அடுத்த குத்தலில் அறுபத்தாறு. மயக்க மருந்து டாக்டரை அழைத்து, அவர் சொன்னபடி கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிஸ்டர் என் காதருகே குனிந்தார். "இப்ப வேர்க்குது, நடுங்குது, உங்களுக்கே தெரியுது. மயக்கத்துல கிடக்கும்போது இது நடந்தா நீங்க எப்படிச் சொல்லுவீங்க? மூளைக்குப் போற சர்க்கரைங்க அது."

நிஜமாகவே பயந்தேன். அதைவிட, இதுவும் தள்ளிப்போகுமே என்று அழுகை வந்தது. கால் மணி கழித்து நூற்று இருபத்தாறு. அதன் பிறகு அவரும் அந்த டாக்டரும் அறுவை டாக்டரும் வாசலில் நின்று பேசினார்கள். என்னை இரண்டாவது ஆளாக மாற்றி, ஆபரேஷன் மேசையிலும் அரை மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்ப்பது என்று முடிவாயிற்று.

கண் விழித்தபோது தையல் எரிந்தது, சர்க்கரை இருநூற்றுப் பத்து. "போச்சு!" என்றேன்.

"உடம்பைக் கத்தியால தொட்டா சர்க்கரை ஏறத்தான் செய்யும். கொஞ்சம் இன்சுலின் போட்டு நூத்தியெண்பதுக்குள்ள கொண்டு வரலாம். மார்க் ஷீட்டா இது, பயப்பட?" என்று அதட்டிவிட்டுப் போனார்.

மாலையில் மனைவிதான் வாசலில் கேட்டதைச் சொன்னாள். நோயாளிக்கு யார் விளக்கினார்கள் என்று அறுவை டாக்டர் சத்தம் போட்டாராம். "நான்தான் சார். பதினாறுன்னு சொன்னேன், ஏன் பதினாறுன்னு சொல்லல. தப்பு என்மேல. இன்னைக்கே பண்ணிக் கொடுங்க, நான் கூடவே இருந்து பார்த்துக்கறேன்" என்றாராம் சிஸ்டர். வேலை நேரம் முடிந்தும் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. வாழ்க்கையில் யாரும் என் பொய்யைத் தம் தோளில் தூக்கிக்கொண்டதில்லை. அறுவை டாக்டர் சுற்றி வந்தபோது, இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவாமலே சொன்னேன்: "சார், சிஸ்டர் சரியாத்தான் சொன்னாங்க. பயத்துல நான்தான் இருபது போட்டேன், பொய்யும் சொன்னேன்."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் நான் மூடி வைத்திருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இருக்கட்டும். இப்ப எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"பாதிதான், சிஸ்டர்."

அவர் மூடியைத் தூக்கிச் சரிபார்க்கவில்லை. சாப்பாட்டு ஊசியைப் பாதியாகக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டார்.