சரியாத கோடு

யூடியூப் சேனலுக்கு எழுதும் அவருக்கு விளம்பரம் என்றாலே எரிச்சல். அதனாலோ என்னவோ, யாரும் தாண்டிப் போகாத விளம்பரம் எழுத அவரால்தான் முடிந்தது.

தூக்கத்தைப் பற்றிய வீடியோவின் நடுவில் மெத்தை விளம்பரம். எத்தனை பேர் விடாமல் பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு வழக்கமாக அங்கேதான் சரியும். அவர் “இப்போது ஒரு விளம்பரம்” என்ற வரியை வெட்டினார். படுக்கைப்புண்ணோடு தன் அப்பா உறங்காமல் கிடந்த கடைசி மாதத்தைச் சொல்லி, அப்படியே மெத்தைக்கு வந்தார். கோடு சரியவில்லை.

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அக்கா அழைத்தாள்.

“நானும் தாண்டாமதான்டா பார்த்தேன். அந்த மெத்தையிலயா அப்பா படுத்தாரு?”

“இல்லக்கா, சும்மா ஒரு தொடக்கத்துக்காக...”

“அடுத்து அம்மாவா? அவங்க இன்னும் உயிரோடதான் இருக்காங்க.”

அதன்பின் அவள் அவருடைய அழைப்பை எடுப்பதில்லை. சேனல்காரர் மட்டும் தினமும் அழைக்கிறார்: “பிரமாதம் சார்! அடுத்தது மூட்டுவலித் தைலம். வீட்ல யாருக்காவது இருக்கா?”