எக்ஸ்ரே அக்காவின் கைப்பை

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் பெண்கள் வாசலில் நின்று, வேலை முடிந்து போகிறவர்களின் பைகளைச் சோதிப்பதுதான் அவள் வேலை. தையல் பிரிவுப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே அக்கா. நேரில் அக்கா மட்டும். எக்ஸ்ரே எல்லாம் முதுகுக்குப் பின்னால்தான். அவளுக்கு அது தெரியும், அதில் உள்ளூர ஒரு பெருமையும் உண்டு. சாப்பாட்டு டப்பாவைக் கையில் வாங்கிய மாத்திரத்தில், அது காலியா, உள்ளே ஒரு பிடி பொத்தான் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். குடையை விரித்துக் காட்டச் சொல்வாள். "மழையே இல்லையேக்கா" என்று யாராவது சிணுங்கினால், "அதனாலதான் கேக்கறேன், விரி" என்பாள்.

இந்த வித்தையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது கம்பெனி இல்லை, கட்டிய புருஷன். அவர் லிப்ட் மெக்கானிக். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் பாட்டிலை அவர் ஒளிக்காத இடமில்லை. கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி, துணி மூட்டை, பழைய மின்விசிறியின் அட்டைப்பெட்டி என்று ஒவ்வொன்றாக அவள் கண்டுபிடிக்க, அவர் வேறு இடம் பார்க்க, வீட்டில் பல வருஷம் இதே கண்ணாமூச்சிதான். ஒருநாள் மகளைக் கூட்டிவரப் போகிறேன் என்று கிளம்பியவர் எங்கேயோ விழுந்து கிடந்தார். சிறுமி பள்ளிக்கூட வாசலில் இருட்டும்வரை தனியாக நின்றாள். அன்றோடு அவர் குடியை விட்டார். மகளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. அவர் விட்டது விட்டதுதான். ஆனால் அவள் மோப்பம் பிடிப்பதை விடவில்லை. சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து நின்று சும்மா ஏதாவது கேட்பாள். பதில் அவளுக்கு முக்கியமில்லை. அவர் வாயைத் திறந்தால் போதும். அவருக்கும் அது தெரியும். கொஞ்சம் நீட்டி முழக்கியே பதில் சொல்வார்.

லிப்ட் பழுது பார்க்கிறவனுக்குத்தான் மாடிப்படி ஏறும் தலையெழுத்து. நின்றுபோன லிப்டுக்கு மேலே உள்ள மோட்டார் அறைக்கு வேறு எப்படிப் போவது? ஐம்பத்தைந்து தாண்டியதும் முட்டி வலி பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒரு மாத்திரை. இதில் வலி மாத்திரையும் சேர்ந்தால் உள்ளே எல்லாம் கெட்டுவிடும் என்று அவள் பயந்தாள். தையல் பிரிவு சூப்பர்வைசர் ஒருத்தி, மஞ்சள் சாறை எடுத்துக் காப்ஸ்யூலாக அடைத்து விற்கிறார்கள், மூட்டுக்கு நல்லது, பக்கவிளைவே கிடையாது என்றாள். இவள் எதையாவது சட்டென்று நம்புகிறவளா? கடைக்குப் போய் டப்பாவின் சீலைத் தடவிப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு காப்ஸ்யூலைப் பிரித்து நாக்கில் வைத்தும் பார்த்தாள். சுத்தமான மஞ்சள், கூடவே மிளகுக் காரம். போலி இல்லை என்று திருப்தியானாள். டாக்டர் எழுதிய மாத்திரைகளோடு அந்த டப்பாவும் அவள் கைப்பைக்குள் போனது. மருந்தெல்லாம் அவள் பொறுப்பு. காலையிலும் இரவிலும் அவர் கையை நீட்டுவார், அவள் எண்ணி வைப்பாள். முட்டி வலியும் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது.

இரண்டு மூன்று மாதம் கழித்து, கொழுப்பு மாத்திரைக்காக வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் கணக்கு ஏறியிருந்தது. டாக்டரம்மா கேட்டார்: "குடிப்பீங்களா?"

"விட்டு ரொம்ப வருஷமாச்சு டாக்டர்."

"வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நீங்க எழுதினதைத் தவிர ஒண்ணுமில்ல டாக்டர். எல்லாம் என் கையாலதான் குடுக்கறேன்."

அவள் பொய் சொல்லவில்லை. மஞ்சள் எப்படி மருந்தாகும்?

கொழுப்பு மாத்திரையால் இருக்குமோ என்று டாக்டரம்மா அதை நிறுத்திவைத்தார். மறுபடி சோதித்தால் கணக்கு முன்னைவிட ஏறியிருந்தது. மஞ்சள் காமாலைக் கிருமி இல்லை. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. டாக்டரம்மா பேனாவை மூடிவைத்து, "மறைக்காம சொல்லுங்க, மறுபடியும் குடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்ல."

குடித்த நாட்களிலும் இதே சத்தியத்தை அவள் கேட்டிருக்கிறாள். இதே குரலில், இதே முகத்தோடு. அந்த நிமிஷத்தில் அவளுக்குச் சந்தேகம் விழுந்தது. அவர் இப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடுவதில்லை. வேலையிலிருந்து வந்ததும் சுருண்டு படுக்கிறார். சோறு என்றாலே குமட்டுகிறது என்கிறார். வாயில் வாசனை இல்லை, அதனால் என்ன? பழம் தின்று கொட்டை போட்டவருக்கு வாசனையை மறைக்கவா தெரியாது? அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சட்டையை உதறினாள். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். எதுவும் கிடைக்கவில்லை. அதுவே அவள் சந்தேகத்தை வலுவாக்கியது. இந்தத் தடவை ஒளிப்பதில் நன்றாகத் தேறிவிட்டார் என்று நினைத்தாள்.

மகளிடமும் சொன்னாள். மகள் அதற்குப் பிறகு குழந்தையை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போவதை நிறுத்தினாள். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காததைப் பார்த்து, குற்றமுள்ள நெஞ்சு என்று அவள் முடிவுகட்டினாள்.

"கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்டுல இருங்க. மறுபடியும் அந்தக் கூத்தையெல்லாம் பார்க்க என்னால முடியாது" என்று ஒருநாள் சொல்லியே விட்டாள்.

"நான் குடிக்கல."

"கணக்கு சொல்லுதே."

அவர் இரண்டு சட்டையையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு போனார். அப்போதும் மாத்திரைகளை மொத்தமாக அவர் கையில் கொடுத்துவிட அவளுக்கு மனசு வரவில்லை. காலையில் வேலைக்குப் போகும் வழியிலும் இரவில் திரும்பும் வழியிலும் மச்சாண்டார் வீட்டு வாசலில் நின்று, ரத்த அழுத்த மாத்திரையையும் காப்ஸ்யூலையும் கொடுத்து, விழுங்கும்வரை பார்த்துவிட்டுப் போனாள். அவ்வளவு கோபத்திலும் அந்தக் கடமையில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அப்புறம் ஒரு காலை, வெளிச்சத்தில் அவர் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை விழி மஞ்சளாகியிருந்தது. அவளுக்குப் பகீரென்றது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவரை நேராக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். போகிற போக்கில் அவர் கருவிப் பையையும் தூக்கிக்கொண்டாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று தீர்மானம்.

டாக்டரம்மாவின் மேசைமேல் பையைக் கவிழ்த்தாள். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், கிரீஸ் டப்பா, எண்ணெய்த் துணி எல்லாம் கொட்டியது. ஒரு பொட்டலம் புதினா மிட்டாயும் விழுந்தது. அதை விரலால் தட்டி, "இது எதுக்குன்னு கேளுங்க டாக்டர்" என்றாள்.

"வாய் கசக்குது" என்றார் அவர். கூசிப்போய்த் தன் ஸ்பேனர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா மிட்டாயை ஒதுக்கிவைத்தார். "குடியால கெட்டா ரிப்போர்ட்ல இந்த ரெண்டு எண்ல முதல் எண்தான் பெரிசா இருக்கும்மா. இவருக்கு அது தலைகீழா இருக்கு. எனக்கு அது முதல்லேருந்தே இடிக்குது. இவரோட மாத்திரை எல்லாம் எங்க?"

"எங்கிட்டதான்."

"உங்க பையையும் கொட்டுங்க."

எத்தனையோ வருஷமாக வாசலில் நிற்பவள் அவள். அவள் பையை யாரும் கொட்டச் சொன்னதே கிடையாது. காது மடல் சூடானது. சாவி, சீப்பு, பஸ் பாஸ், மாத்திரை அட்டை, கடைசியில் அந்த டப்பா. டாக்டரம்மாவின் கை நேராக அதற்குத்தான் போனது.

"இது என்ன?"

"அது மருந்து இல்ல டாக்டர். மஞ்சள்."

"எப்பலேருந்து குடுக்கறீங்க?"

"முட்டி வலிக்கு... முதல் டெஸ்டுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியிலேருந்து."

"இன்னிக்கு?"

"காலையில குடுத்தேன்."

டாக்டரம்மா மூச்சை இழுத்து விட்டார். "சமையல்ல போடற மஞ்சள் வேற, இது வேற. நூறு மடங்கு சாறை ஒரு காப்ஸ்யூல்ல அடைக்கறாங்க. உடம்புல நல்லா ஏறட்டும்னு மிளகுச் சாறும் சேர்த்திருக்காங்க. அது கூடச் சாப்பிடற மத்த மாத்திரையோட அளவையும் கூட்டிவிடலாம். நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. சிலருக்குக் கல்லீரல் கெட்டுடும். யாருக்குன்னு முன்னாடியே சொல்ல முடியாது. இனிமே இதைத் தொடவே கூடாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நானும் மருந்துன்னுதான் கேட்டேன். சத்து மாத்திரை, மூலிகை, பொடின்னு ஒவ்வொண்ணாக் கேட்டிருக்கணும்" என்றார்.

கல்லீரல் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க, ரத்தம் சரியாக உறைகிறதா என்று உடனே சோதித்தார்கள். அது நன்றாகவே இருந்தது. ஆபத்துக் கட்டம் இல்லை. படுக்கையில் சேர்க்க வேண்டாம், வாரா வாரம் சோதித்தால் போதும், கணக்கு மெதுவாகத்தான் இறங்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் கையால், எண்ணி எண்ணிக் கொடுத்திருக்கிறாள். ஊர்ப் பை எல்லாம் துழாவியவள், தன் பையில் இருந்ததைக் கடைசிவரை நம்பியிருக்கிறாள். அவர் காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும், பழகிப்போன அந்தப் பாழாய்ப்போன மனசு அந்த நேரத்திலும் ஒரு மூலையில் நின்று கேட்டது: காப்ஸ்யூல் சரி, கூடவே குடியும் இருந்திருந்தால்?

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது.

"கணக்கு இறங்கட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

அவர் தலையசைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுப் பக்கம் நடந்தார்.

கணக்கு இறங்கியது. முதலில் கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு மளமளவென்று. அவர் கண் வெளுத்தது, பசி எடுத்தது. மகள் குழந்தையைக் கொண்டுபோய் அவரிடம் விட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் உடனே திரும்பிவிட்டாளாம். ஒருநாள் பரிசோதனைக் கூடத்திலிருந்து ரிப்போர்ட் அவள் கைக்கு வந்தது. எல்லா எண்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. தாளை மடிக்கக்கூட இல்லை, அங்கேயே நின்று போன் போட்டாள்.

"ஏங்க, எல்லாம் நார்மல். வீட்டுக்கு வந்துடுங்க."

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல, நீ கூப்பிடுவேன்னுதான் நின்னேன். அப்பக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. "இப்ப நீ பேப்பரைப் பார்த்துட்டுக் கூப்பிடற. நாளைக்கு வேற பேப்பர் வந்தா?"

"ஏங்க..." என்றாள். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனை வைத்தார்.