இதயத்துக்குள் நுழையாத கோடுகள்

மேனாம்பேட்டில் பஞ்சவர்ணம் டீச்சரைத் தெரியாதவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் நேற்றுதான் குடிவந்தவர்களாக இருக்கவேண்டும். அவள் கரும்பலகையில் தவளை வரைந்த அன்று ஜன்னலோரம் ஒரு சாரைப்பாம்பு வந்து நாக்கைச் சுழற்றிக்கொண்டு காத்துக்கிடந்தது. பூவரச இலை வரைந்தபோது ஆடு ஒன்று நேரே வகுப்புக்குள் வந்துவிட்டது. நம்பாதவர்கள் ஆட்டைக் கேட்டுக்கொள்ளலாம்.

வரையும்போது அவள் இந்த உலகத்தில் இருக்கமாட்டாள். இலை நரம்பு வரைந்தால் அதன் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துகொண்டிருப்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அணைந்து, ஆறிப்போன பிறகுதான் திரும்பி வருவாள்.

அவள் ஊர்ப் பள்ளியில் பல வருஷமாகத் தற்காலிக அறிவியல் டீச்சர். தொண்ணூற்று மூன்றில் பள்ளிக்கு ஒரு ப்ரொஜெக்டர் வந்தது. கண்ணாடி மாதிரி இருக்கும் தாளில் வரைந்து அதன்மேல் வைத்தால் படம் சுவரில் ஆளுயரத்துக்கு விழும். தலைமையாசிரியை ஜமீலா அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: “வெள்ளிக்கிழமை பத்தாவதுக்கு இதயம் நடத்துங்க, டீச்சர். நான் பின்னாடி உக்காந்திருப்பேன். பாடம் நல்லா அமைஞ்சா உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதறேன்.”

பஞ்சவர்ணம் ஒரு தாளில் இதயத்தின் வெட்டுத்தோற்றத்தை வரைந்தாள். பாகங்களைக் காட்டும் கோடுகளும் எண்களும் அதன்மேல் போடும் இரண்டாவது தாளில். மேல்தாளைத் தூக்கிவிட்டால் வெறும் இதயம் நிற்கும், பிள்ளைகளைக் கேள்வி கேட்கலாம். படம் அழகாக வந்தது. கோடுதான் வரவில்லை. பாதியிலேயே கனவுக்குப் போய்விடுகிறவள் இழுக்கும் கோடு எப்படி நேராக இருக்கும்?

அவள் புருஷன் கங்காதரன், பாடியில் ஒரு மெஷின் கம்பெனியில் பாகங்களுக்குப் படம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். எட்டிப் பார்த்தான்.

“இன்னா பஞ்சு இது? கோடா, கோலமா? குடு இப்டி.”

“ஒரு கோட்டை இன்னொண்ணு வெட்டக் கூடாதுய்யா. நம்பருங்க ஓரமா ஒரே வரிசையா நிக்கணும்.”

“எனுக்கே சொல்லிக்குடுக்கறியா? இதுவும் ஒரு பம்புதானே. நாலு ரூம்பு, நாலு வால்வு. போய்த் தூங்கும்மே.”

காலையில் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எண்கள் வரிசை தப்பாமல் நின்றன. கோடுகள் ஒன்றையொன்று தொடவில்லை. ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு குட்டி அம்பு, குருவி வந்து உட்கார்ந்ததுபோல. வெயில் இதயத்துக்குள் புகுந்து வெளியே வந்தது. அவளும் கூடவே உள்ளே போனாள். வெளியே வரும்போது பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

வகுப்பை இருட்டாக்கினார்கள். சுவரில் இதயம் எழுந்தது.

“ஒண்ணு?”

“பெருந்தமனி, மிஸ்!”

“நாலு?”

முதல் பெஞ்சிலிருந்து லோகநாயகி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “இதயச் சுவர், மிஸ்.”

“அஞ்சு?”

“அதுவும் சுவர்தான், மிஸ்.”

“எல்லாமே சுவர்னா ரத்தம் எங்க மிஸ் குடியிருக்கும்?” என்று இருட்டிலிருந்து ஒரு குரல். சிரிப்பு கூரையைத் தூக்கி அம்பத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய்விட்டு வந்தது.

பஞ்சவர்ணம் சுவரைப் பார்த்தாள். கம்பெனிப் படத்தில் அம்பு வெளிவிளிம்பைத் தொட்டாலே போதும், அந்தப் பாகம் முழுவதையும் காட்டியதாக அர்த்தம். உயிரியல் படத்தில் கோட்டின் நுனி எதைத் தொடுகிறதோ அதுதான் விடை. கங்காதரனின் கோடுகள் நான்கு அறைகளுக்கும் வாசல் வரை வந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு வெளியிலேயே நின்றன.

கடைசி பெஞ்சில் ஜமீலாவின் பேனா நின்றுவிட்டது.

ஆய்வகத்திலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவரச் சொன்னாள். மேல்தாளில் அம்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சுவரில் அவை கரைந்து புகையாகிப் போயின. கீழ்த்தாளில் இருந்த இதயத்துக்கு ஒரு கீறலும் இல்லை.

ஸ்கேலை வைத்து நாலாவது கோட்டை நீட்டினாள். சுவரில் அவள் விரல்கள் பனைமரங்களாக அசைந்தன. கறுப்புக் கோடு தடித்த தசையைத் தாண்டி உள்ளே நுழைந்தது. வகுப்பே அதோடு நுழைந்தது. உள்ளே சிவப்பாக, வெதுவெதுப்பாக, தூரத்தில் வால்வு கதவடிக்கும் சத்தம் வேறு கேட்டதாக அந்தப் பிள்ளைகளில் பலர் பின்னால் சத்தியம் செய்தார்கள். அறையின் நடுவில் கோட்டை நிறுத்தினாள்.

“இப்ப?”

“இடது வெண்ட்ரிக்கிள்!”

“அது வலப்பக்கம்ல இருக்கு, மிஸ்?”

“அது உன்னைப் பாத்து நிக்குதும்மா. எதிர்ல நிக்கிறவங்க இடது கை உனக்கு எந்தப் பக்கம்?”

மற்ற மூன்று கோடுகளையும் பிள்ளைகளே வந்து நீட்டினார்கள். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

ஜமீலா வெளியே வந்து கேட்டார்: “அந்த அம்பெல்லாம் வேணும்னே போட்டீங்களா, டீச்சர்?”

“இல்லீங்க மேடம். சரியா பாக்கல. என் தப்புதான்.”

ஜமீலா பேனாவை மூடினார். “பிள்ளைங்க இனிமே கோட்டோட நுனியைப் பாப்பாங்க. நிர்வாகத்துக்கு எழுதறேன். அடுத்த தடவை வீட்டுலயே பாத்துட்டு வாங்க.”

சாயங்காலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கங்காதரன் காலை நீட்டி உட்கார்ந்தான்.

“அப்ப வேலை நிரந்தரமாவறது என்னாலதான்னு சொல்லு. நான் அம்பு போடலன்னா நீ எதைத் தொடச்சிருப்பே?”

பஞ்சவர்ணம் அடுத்த வாரத்துச் சிறுநீரகத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்க ஆரம்பித்திருந்தது.