கால்மணி நேர வெள்ளை

இளநீரைப் படம் எடுப்பது கல்யாணத்தில் மாமனாரைப் படம் எடுப்பதைவிடக் கஷ்டம். மாமனாராவது ஒரு இடத்தில் உட்காருவார். சீவிய இளநீர் கால்மணி நேரத்தில் நிறம் மாற ஆரம்பித்துவிடும். முதலில் வெண்ணெய் நிறம், அப்புறம் லேசாக ரோஸ், அப்புறம் பழுப்பு. விளக்கைச் சரிபண்ணி, ஸ்டாண்டை இறுக்கி, முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் காய் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றவன் முகம் மாதிரி ஆகியிருக்கும். எனக்கு நாற்பத்தெட்டு வயசு. பாஸ்போர்ட் போட்டோவில் காலம் தள்ளுகிற ஸ்டூடியோக்காரன். இந்த வேலைக்குப் போகவே மாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். "சொல்லிட்டே கேமரா பேட்டரிய சார்ஜ்ல போடறீங்களே"ன்னு என் பெண்டாட்டி சிரித்தாள்.

விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் சீவற கொட்டகை அது. தகரக் கூரை, சிமெண்ட் தரை, ஒரு பக்கம் குளிர் அறை. மேஜை மேல் பச்சை மட்டையை எல்லாம் சீவி, அடியைத் தட்டையாக்கி, தலையைக் கூம்பாக்கி, பிலிம் சுத்தி டப்பாவில் அடுக்குவார்கள். நிறம் மாறாமலிருக்க மற்றவர்கள் செய்கிற மாதிரி மருந்துத் தண்ணியில் முக்குவதில்லை என்பதுதான் இந்தச் சங்கத்தின் பெருமை. பெரிய ஊர்க் கடைகளுக்கு அனுப்புகிற விளம்பரப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தப் புத்தகத்துக்குப் படம் எடுத்தது நான்தான், ஆறு மாசம் முன்னால். இப்போது புதுசாக அடிக்கணுமாம்.

போனதுமே மேஜையில் வேறு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். சீவுகிறார், ஆனால் பட்டை பட்டையாக இழுக்கிறார். படத்தில் அது கொத்தின மண்சுவர் மாதிரித் தெரியும்.

"போன தடவ சீவின அக்கா எங்க சார்?" என்று செயலாளரைக் கேட்டேன்.

செயலாளர் நல்ல மனுஷன்தான், ஆனால் எப்பவும் ரெண்டு போனில் பேசிக்கொண்டே நிற்பார். "நாலு மாசம் முன்னாடியே அவங்கள மட்டை யார்டுக்கு மாத்தியாச்சு. கை முன்ன மாதிரி ஓடல. பாவம், வயசாச்சு."

அந்த அக்காவை நான் மறக்கவே முடியாது. பதினெட்டு வருஷமாக அதே மேஜை. காயை இடது உள்ளங்கையில் உருட்டி உருட்டி, கத்தியை அசைப்பதே தெரியாமல் சீவுவார். நான் அவசரப்பட்டால் ஒரு காயை ஒரு நிமிஷத்தில் முடித்து நீட்டிவிட்டு, "இந்தா தம்பி, பொண்ணு மாதிரி இருக்கு, சீக்கிரம் எடு, அழ ஆரம்பிச்சிடும்" என்பார். அன்றைக்கு முழுக்க முப்பது காய் சீவித் தள்ளினார், ஒரு தடவை முகம் சுளிக்கவில்லை.

"அவங்களையே கூப்பிடுங்க சார். இந்தச் சீவலுக்கு நான் படம் எடுத்தா என் பேர் போயிடும்."

"ஏற்கனவே ரெண்டு லோடு திரும்பி வந்திருக்கு. அவங்க சீவினதுதான்."

"ஏன் திரும்பி வந்துச்சு?"

"புத்தகத்துல பால் மாதிரி இருக்கு, டப்பாவத் திறந்தா டீ மாதிரி இருக்குன்னாங்க கடைக்காரங்க. சீவி வச்சிட்டு பிலிம் சுத்த லேட் ஆக்கிட்டாங்கன்னுதான் அர்த்தம். வேற என்ன?"

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அவசரத்தில் மண்டை வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிவாதம் பிடித்து அவரை வரவழைத்தேன்.

மட்டை யார்டிலிருந்து அக்கா வந்தார். மட்டைக் குவியலைத் தள்ளுகிற வேலை. தோளில் துண்டு, தலையில் தூசி. ஆறு மாசத்தில் ஆறு வருஷம் ஏறியிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார், ஆனால் மேஜையைப் பார்க்காமல் சிரித்தார்.

"நல்லா இருக்கியா தம்பி? என்னய எதுக்கு? கை செத்துப் போச்சுன்னு ஊருக்கே தெரியுமே."

"வாங்கக்கா, ஒரு காய் மட்டும்."

கையைக் கழுவினார். உட்கார்ந்தார். காயை உருட்டினார். நான் ஓரக்கண்ணால் என் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பத்தஞ்சு வினாடி. அதே மழமழப்பு, அதே கூம்பு. கை எங்கே செத்தது?

இந்தத் தடவை நான் ஒரு சாம்பல் அட்டை கொண்டுபோயிருந்தேன். கல்யாண ஆல்பத்தில் எல்லார் முகமும் மஞ்சளாகிறது என்று ஒரு சம்பந்தி போட்ட சண்டையில் வாங்கினது. காயின் பக்கத்தில் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்தால், அப்புறம் கம்ப்யூட்டரில் அந்தச் சாம்பலை அளவாக வைத்து எல்லாப் படத்தையும் சரிபண்ணிக்கொள்ளலாம். ட்யூப்லைட்டை அணைத்தேன். ஜன்னல் வெளிச்சம் மட்டும், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகை. "தண்ணி தெளிங்க, ஃப்ரெஷ்ஷா தெரியும்" என்றார் செயலாளர். பிலிம் சுத்துகிற காய்க்கு மேல் தண்ணிச் சொட்டு எதற்கு? சீவின முகம் காயாமல் இருந்தாலே போதும், அதுதான் புதுசு என்பதற்கு அடையாளம். வேண்டாம் என்றேன்.

லேப்டாப்பில் படத்தைத் திறந்து காட்டினேன். செயலாளர் முகம் சுருங்கியது.

"இது என்ன, மஞ்சளா இருக்கு? போன புத்தகத்துல எவ்வளவு வெள்ளை! பாத்தீங்களா, அவங்க சீவினாலே இப்படித்தான்..."

சீவி ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. காய் எங்கள் கண் முன்னால் மேஜை மேலேயே இருக்கிறது. அதுவும் இளம் வெண்ணெய் நிறம்தான், படத்தில் இருப்பது மாதிரியே. அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். ஆறு மாசம் முன்னால் எடுத்த படத்தை, நான் கைவைப்பதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படித் திறந்தேன். வெண்ணெய் நிறம். அதற்கு மேல் நான் பண்ணின திருத்தத்தைப் போட்டேன். பால் வெள்ளை. அன்றைக்கு என்னிடம் சாம்பல் அட்டை இல்லை. எதையாவது வெள்ளை என்று கம்ப்யூட்டருக்குக் காட்ட வேண்டும். தேங்காய் என்றால் வெள்ளைதானே என்று, சீவின முகத்திலேயே புள்ளியை வைத்து அழுத்திவிட்டேன். அது அந்த வெண்ணெய் நிறத்தையே வெள்ளை என்று எடுத்துக்கொண்டு, படம் முழுவதையும் நீலப் பக்கம் இழுத்துவிட்டது. போதாதென்று வெளிச்சத்தையும் கூட்டியிருந்தேன். செயலாளர் அன்றைக்கு "சூப்பர்" என்றார். நானும் மார்தட்டிக்கொண்டு வந்தேன்.

உலகத்தில் எந்த இளநீரும் அப்படி இருக்காது. மரத்தில் இருந்து இறக்கின அந்த நிமிஷமே சீவினாலும் இருக்காது.

"சார்," என்றேன், "அந்தக் காய்ங்க நல்லாத்தான் இருந்திருக்கும். மருந்து போடாதது வழியில கொஞ்சம் நிறம் மாறத்தான் செய்யும். என் படம்தான் பொய்."

"என்னங்க சொல்றீங்க?"

சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது மேல். பழைய புத்தகத்தைக் கேட்டு வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். "அக்கா, இன்னொண்ணு சீவுங்க." சீவினார். கத்தி கீழே இறங்குவதற்கு முன்னால் காயைப் பிடுங்கிப் படத்தின் பக்கத்தில் வைத்தேன். செயலாளர் குனிந்து பார்த்தார். புத்தகத்தில் இருந்தது நீலம் கலந்த சுண்ணாம்பு வெள்ளை. கையில் இருந்தது இளநீர்.

ரெண்டு போனும் மாறி மாறி அடித்தன. அவர் எடுக்கவில்லை.

"அப்ப அந்த ரெண்டு லோடு..." என்று ஆரம்பித்தார். களைத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். "இத எப்படிப் போடறது? பக்கத்துச் சங்கத்துக்காரன் மருந்துல முக்கிப் பளபளன்னு போடறான். முன்னூறு குடும்பத்துக் காயி சார். பழுப்புக் காய யார் வாங்குவா?"

"வெள்ளையப் போட்டு வாங்கினவன்தான் சார் திருப்பி அனுப்பினான்."

மூணு படமாக எடுப்போம் என்றேன். சீவினவுடனே ஒன்று, பிலிம் சுத்தினபின் ஒன்று, குளிர் அறையில் நாலு நாள் இருந்தது ஒன்று. கீழே நேரத்தைப் போடுவோம். மருந்தில் முக்காததால் இப்படி மாறும், ருசி மாறாது என்று ஒரு வரி. அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா, சோர்ந்துபோய் விட்டுக்கொடுத்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

சாயங்காலம் வரை எடுத்தோம். அக்கா பதினாறு காய் சீவினார். அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்தால் காயோடு இதே ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அச்சடிக்கணும் என்று செயலாளரிடம் கறாராகச் சொன்னேன். கிளம்பும்போது அவரே வந்து, "திங்கட்கிழமையில இருந்து மேஜைக்கு வந்துடுங்கம்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் போனார்.

நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் வெளங்கல. ஒண்ணு மட்டும் சொல்லு. என் கை லேட் ஆகலையா?"

"இல்லக்கா. ஒரு வினாடிகூட ஆகல. தப்பு என்னோடது."

"வீட்டுக்காரர்கிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? தோள் வலிக்குது, நானேதான் யார்டுக்குக் கேட்டு வாங்கிக்கிட்டேன்னு சொன்னேன். அவரும் நம்பிட்டார். லீவு நாள்ல கழிச்சுப்போட்ட காய வாங்கிட்டுப் போய், அவர் வெளிய போனதும் கொல்லைல உக்காந்து சீவிப் பாப்பேன். கடிகாரத்த எதிர்ல வச்சுக்கிட்டு. சரியாத்தான் வரும். அப்புறம் எப்படி லேட் ஆகுதுன்னு தெரியாம மறுபடி சீவுவேன்."

மன்னிச்சிடுங்கக்கா என்றேன். நாலு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, விரல் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"நாலு மாசமா இதத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்," என்றார்.