கலகலப்புக்கு நூற்றெண்பது

எங்கள் அக்கா ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு டீச்சராக இருந்தாள். ஒருநாள் முதலாளி சார் போர்டில் கணக்கு போட்டார்: 'கலகலப்பு' என்ற சொல்லின் எழுத்துகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? ஆறு எழுத்துக்கு 720 வரிசை. 'க' இரண்டு தடவை வருவதால் இரண்டால் வகுத்து 360 என்றார்.

"'ல'வும் ரெண்டு இருக்கே சார். அதுங்க ரெண்டும் இடம் மாறினாலும் அதே வரிசைதானே? இன்னொரு தடவை ரெண்டால வகுக்கணும்," என்று அக்கா 180 எழுதினாள்.

பிள்ளைகள் முன்னாலேயே டஸ்டரைப் பிடுங்கி அதை அழித்தார். "நாளையிலேர்ந்து வராதே!"

கறுவிக்கொண்டே வந்தவள், அவருக்கு நேரெதிரிலேயே சென்டர் திறந்தாள். சேர வரும் எல்லாருக்கும் முதல் கேள்வி அந்தக் கலகலப்புதான். மறப்பாளா அவள்!

போன வாரம், கணக்கில் கோட்டைவிட்ட மகளோடு அவரே வந்து நின்றார். "பழசை மனசுல வச்சுக்காதம்மா."

மகள் போர்டில் 360 என்று எழுதினாள்.

அக்கா டஸ்டரை அவர் கையில் திணித்தாள். "சேர்த்துக்கறேன் சார். முதல்ல நீங்களே அழிங்க."

வகுப்பே வேடிக்கை பார்க்க, அழித்தார்.

அக்கா சாக்பீஸை நீட்டினாள். "இப்ப 180 எழுதுங்க."