தட்டிப் பார்த்த மோட்டார்

எழுபதுகளின் கடைசியில் கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் அட்டை ஆலையில் மின்பொறியாளராக இருந்தேன். ஆறாயிரத்து அறுநூறு வோல்ட்டில் ஓடும் மோட்டார்களுக்கு மின்சாரத்தைப் போடவும் துண்டிக்கவும் பழைய எண்ணெய் பிரேக்கர்கள் இருந்தன. அதே சமயத்தில் இரண்டு கம்பெனிகள் சோதனைக்காக ஆளுக்கொரு புதிய பிரேக்கர் அனுப்பின. ஒன்றில் தொடுமுனைகள் காற்றே இல்லாத குடுவைக்குள் பிரியும். மற்றொன்றில் எஸ்.எஃப்.6 என்ற வாயுவுக்குள் பிரியும். மாவட்டத்தில் வேறு யாரிடமும் அப்போது இவை இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வைக்கோல் கூழை அரைக்கும் பெரிய மோட்டாருக்கு வெற்றிட பிரேக்கரைக் கொடுத்தேன். மறுகோடியிலிருந்த மின்மாற்றிக்குப் போகும் பாதைக்கு வாயு பிரேக்கரைக் கொடுத்தேன். காரணமும் வைத்திருந்தேன். பிரேக்கர் மின்சாரத்தைத் துண்டிக்கும்போது முனைகளுக்கு நடுவே ஆர்க் என்னும் நெருப்பு வில் எரிகிறது. மின்னோட்டம் பூச்சியத்தைத் தொடும் கணத்தில் அது அணைகிறது. அணைந்த மறுகணமே இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தம் அதிர்ந்துகொண்டு, வழக்கமான உச்சத்தையும் தாண்டி எழும். இடைவெளி தன் காப்புத் திறனை அதைவிட வேகமாகத் திரும்பப் பெற வேண்டும். இது ஒரு ஓட்டப்பந்தயம். வெற்றிடம் அதில் எல்லாவற்றையும் முந்தும். அடிக்கடி போட்டு எடுக்கும் மோட்டாருக்கு அதைவிட நல்லது எது? இதை மேலாளருக்குக் கரும்பலகையில் வரைந்தே காட்டினேன்.

சில மாதங்கள் கழித்து அந்த மோட்டாரின் சுருள் ஈரம் ஏறிக் கெட்டது. தருமபுரியில் வைண்டிங் கடை வைத்திருந்த பாய்தான் எங்கள் மோட்டார்கள் எல்லாவற்றுக்கும் கம்பி சுற்றுபவர். நாற்பது வயது, அதட்டலான குரல், வேலையில் பெருமை. சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். காப்பைச் சோதிக்கும் மெக்கர் கருவியை நானே வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.

மறுபடி கம்பி சுற்றி வந்தால் மோட்டார் சுழலும் திசை பார்க்க வேண்டும். அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிரேக்கரைப் போட்டு, மோட்டார் அசையத் தொடங்கியதும், வேகம் பிடிக்கும் முன் எடுத்துவிடுவோம். தட்டிப் பார்ப்பது என்று சொல்வோம். எண்ணெய் பிரேக்கரில் பல வருடமாகச் செய்ததுதான். அன்றும் தட்டினோம். திசை தப்பு. கேபிளை மாற்றி மறுபடி தட்டினோம். எனக்குத் திருப்தியில்லாமல் இன்னும் இரண்டு தரம் தட்டச் சொன்னேன். கடைசித் தட்டலில் மோட்டாருக்குள் படாரென்று சத்தம். புகை.

திறந்து பார்த்தோம். கேபிள் வந்து சேரும் முனையிலிருந்த முதல் சுருளில் மட்டும் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே காப்பு எரிந்திருந்தது. மற்றதெல்லாம் புதிதாகவே இருந்தது.

"என்னய்யா இது?" என்றார் மேலாளர், என்னைப் பார்த்து.

"வைண்டிங் சரியில்ல சார்," என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

பாய் கொதித்துவிட்டார். "என்னாங்க சார், மெக்கர் நீங்களேதான வெச்சுப் பாத்தீங்க? அப்ப நல்லாருந்துச்சு, இப்ப எங்கையால கெட்டுப்போச்சா? எங்கட வூட்டு மிக்சி மோட்டாரா இது, கண்ண மூடிக்கிட்டுச் சுத்தறதுக்கு?"

அவர் கூலியும் போயிற்று, ஆலையின் வேலை முழுவதும் போயிற்று. மோட்டார் கோயம்புத்தூருக்குப் போனது. விஷயம் பாலக்கோடு வரை பரவி, அரவை மில்காரர்களும் அவரிடம் கொடுக்கத் தயங்கினார்கள்.

கோயம்புத்தூரில் சுற்றிய மோட்டார் வந்தது. தட்டினோம். மூன்றாவது தட்டலில் அதே முனை, அதே முதல் சுருள்.

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. வெற்றிடம் பந்தயத்தில் தோற்கவில்லை. அளவுக்கு மீறி ஜெயிக்கிறது. ஓடத் தொடங்கும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் பெரியது, கிட்டத்தட்ட முழுக்கத் தூண்டல் மின்னோட்டம். முனைகள் பூச்சியத்துக்குச் சற்று முன்னால்தான் பிரிந்திருந்தால் இடைவெளி மயிரிழைதான். எழும் மின்னழுத்தம் அதைத் தாண்டிக் குதிக்கும். அதிவேகமாக அலையும் ஒரு மின்னோட்டம் ஓடும். எண்ணெயும் வாயுவும் பெரும்பாலும் அதை ஓடவிட்டு அடுத்த பெரிய பூச்சியத்துக்குக் காத்திருக்கும். வெற்றிடம் காத்திருக்காது. அதையும் வெட்டும். மறுபடி மின்னழுத்தம் எழும், மறுபடி குதிக்கும், ஒவ்வொரு தரமும் முன்னைவிட உயரமாக. இப்படிச் செங்குத்தாக வரும் அலை சுருள் முழுவதும் சமமாகப் பரவாது. முதல் சில சுற்றுகளே அடியைத் தாங்க வேண்டும். முன்பு சில மாதங்கள் ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அப்போது முழு வேகத்தில் ஓடும் மோட்டாரைத்தான் நிறுத்தினோம்.

புரிந்தும் சில வாரங்கள் வாய் திறக்கவில்லை. இன்று இதைத்தான் எழுத வேண்டுமென்று உட்கார்ந்தேன். மேலாளர் மோட்டாரை மறுபடி கோயம்புத்தூருக்கே அனுப்பிவிட்டு, அந்தக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். பழைய மோட்டார் ஒன்றில் ஆலை எப்படியோ ஓடியது. கரும்பலகையில் வரைந்தவன் நான். அதுதான் என் வாயைக் கட்டியது.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பாயைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் மேலாளரிடம் போய், மோட்டார் திரும்பி வந்ததும் ஒரு சோதனை செய்ய வேண்டும், பாயும் இருக்க வேண்டும் என்றேன்.

மோட்டார் முனையிலிருந்து பூமிக்கு, மின்சாரத்தின் மூன்று கட்டங்களில் (ஃபேஸ்) ஒவ்வொன்றுக்கும் இரண்டு பித்தளைக் குண்டுகளை எதிரெதிரே பொருத்தினேன். வழக்கமான உச்சத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறைந்த எதற்கும் பொறி தாண்டாதபடி இடைவெளி வைத்தேன். பொறி தாண்டினால் அலை பூமிக்கு இறங்கி மோட்டாரும் தப்பும். கேபிளைத் தரையிலிருந்த கேபிள் வாய்க்காலில் இழுத்து வாயு பிரேக்கருக்கு மாற்றிவிட்டு, பக்கத்து அறையின் கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் எல்லோரும் நின்றோம்.

பத்துத் தரம் தட்டினேன். ஒன்றுமில்லை. கேபிளை வெற்றிடத்துக்கு மாற்றினேன். முதல் தட்டல், ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படியே.

"சார் ஜாலியா வெளையாடறாரு," என்றார் பாய்.

மூன்றாவதில் நடுக்கட்டத்தில் சாட்டை சொடுக்கியது போல நீலப்பொறி. ஐந்தாவதில் மறுபடி. முனை பிரியும் கணம் பொருந்தும்போது மட்டும்தான் வரும் என்று விளக்கினேன். என் வாழ்க்கையில் அத்தனை பெருமையாக எதையும் விளக்கியதில்லை. அலைநோக்கி இல்லை, பெரிய கருவி எதுவும் இல்லை. லேத்தில் கடைந்த குண்டுகளை வைத்து, கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பிடித்து நிறுத்தியிருந்தேன். பிறகு சொன்னேன்: "பாய் சுத்தினதுல தப்பு இல்ல சார். நான் பிரேக்கர மாத்தி வெச்சதுதான் தப்பு. எனக்கு இது போன மாசமே தெரியும்."

மேலாளர் என்னைத் திட்டவில்லை. பாயின் கூலியைக் கொடுக்கச் சொன்னார்.

மோட்டாருக்கு வாயுவை நிரந்தரமாக வைத்தேன். மின்மாற்றிப் பாதையில் மின்னோட்டத்தை அடக்கும் ரியாக்டர் இருந்தது. அதற்குப் பின்னால் ஷார்ட் ஆனால் மின்னழுத்தம் மிகச் செங்குத்தாக எழும், வாயு அங்கே திணறலாம். வெற்றிடம் அந்த வேகத்துக்கென்றே பிறந்தது. அதை அங்கே மாற்றி, மின்மாற்றியின் முனையில், உயரும் மின்னழுத்தத்தைப் பூமிக்கு இறக்கும் இடிதாங்கியும் வைத்தேன். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் பல வருடம் ஓடியது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்வாரியப் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். கூட நின்று காட்டினேன். அந்தப் பெருமை இன்றும் குறையவில்லை.

அன்று வேலை முடிந்து பாயை வாசல்வரை கொண்டுவிட்டேன். "இனிமே எல்லா மோட்டாரும் உங்ககிட்டதான் பாய்," என்றேன்.

"கொடுங்க, செய்யறேன்," என்றார். சைக்கிளில் ஏறியவர் காலை ஊன்றி நின்றார். "ஆனா போன மாசமே தெரியும்னீங்களே சார். எங்கட்ட இருந்த ரெண்டு வைண்டருங்க, நல்ல கைங்க, வேலயில்லன்னு பத்து நா முந்திதான் பெங்களூரு போனாங்க. அவங்கள யாரு கூப்பிட்டுக் கொடுப்பாங்க?"

அவர்கள் திரும்பி வரவேயில்லை. பாய் கடைசிவரை எங்களுக்குச் சுற்றிக் கொடுத்தார், தனியாக.